வெளிநாட்டு வேலைக்கு அறிமுக வீடியோ: என் ஸ்கிரிப்ட் எங்கே தவறுகிறது?

பல்சக்கரம்

வணக்கம். பாட்டிலில் திரவம் நிரப்பி, மூடி போட்டு, லேபிள் ஒட்டும் லைனில் பராமரிப்பு டெக்னீஷியனாக ஆறு வருடமாக இருக்கிறேன். இதே வேலைக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு கம்பெனிகளின் ஆன்லைன் படிவத்தில், விருப்பமிருந்தால் அறிமுக வீடியோவின் லிங்க் தரலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேள்வி எதுவும் கொடுக்கவில்லை, எவ்வளவு நேரம் என்றும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் 470 சொல்லுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, போனில் பேசிப் பதிந்து பார்த்தேன். 2 நிமிடம் 50 நொடி வருகிறது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"மரியாதைக்குரிய ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாய்ப்பளித்ததற்கு நன்றி. என் பெயர் இது, நான் பிறந்த ஊர் இது. குடும்பத்தில் நான்கு பேர். அப்பா ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டில் இருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமா, இத்தனை சதவீதம். இயந்திரப் பராமரிப்பில் எனக்கு நல்ல அறிவு உண்டு. என் பலம் கடின உழைப்பு, நேரம் தவறாமை, எல்லாரோடும் ஒத்துப்போவது. என் பலவீனம் எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தால் முழு மனதோடு உழைத்து உங்கள் கம்பெனியின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்."

நீளம் சரியா, தொனி சரியா, ஃப்ரேமிங் எப்படி இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு

நீளம் ரொம்ப அதிகம் நண்பரே. சரியாக 60 நொடி, அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் மூடிவிடுவார்கள். கோட் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டை வரி பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். உச்சரிப்பை மட்டும் கொஞ்சம் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். நான் அப்படித்தான் செய்தேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிப்பெட்டி

வீடியோ எடிட்டிங் என் தொழில் என்பதால் ஃப்ரேமிங் பற்றி மட்டும் சொல்கிறேன். போனைக் கிடைமட்டமாக வையுங்கள். லென்ஸ் உங்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். மேசைமேல் வைத்து எடுத்தால் மூக்குத்துவாரமும் மின்விசிறியும்தான் தெரியும், கீழே நாலு தடிப் புத்தகத்தை அடுக்குங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே மார்பு வரை, கண்கள் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும், போன் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதுதான் கதி.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒலி. படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு எதிரொலித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். காலி அறையில் எடுக்காதீர்கள். துணி தொங்கும் அலமாரியோ மெத்தையோ உள்ள அறையில், காமிராவுக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, மைக் உள்ள சாதாரண வயர் இயர்போனைச் சட்டைக்குள் விட்டு மைக்கை மட்டும் காலர் அருகே மாட்டினால் போதும். சட்டைத் துணி மைக்கில் உரசினால் கரகரக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரம்

கண்ணாடிப்பெட்டி அண்ணா, நான் கேட்டது என்னை எப்படி முன்வைப்பது, எதை முதலில் சொல்வது என்ற ஃப்ரேமிங். ஆனாலும் இது எனக்குத் தெரியாத விஷயம், நன்றி. என் பரிசோதனை வீடியோவில் மின்விசிறி இருக்கத்தான் செய்கிறது.

தேர்வுமேசை

வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். இதுபோன்ற வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஸ்கிரிப்டும் திருத்தியிருக்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். 470 சொல்லை 170 நொடியில் சொல்லியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 166 சொல். நம் உச்சரிப்புக்குப் பழகாத காதுக்கு இது வேகம். நிமிடத்துக்கு 130 சொல் என்பது நிதானமான பேச்சு. அந்த வேகத்தில் உங்கள் ஸ்கிரிப்ட் மூன்றரை நிமிடத்தைத் தாண்டும். நீளம் கூடிவிட்டது என்று உங்களுக்கே உள்ளுக்குள் தெரிந்ததால்தான் வேகமாகப் பேசியிருக்கிறீர்கள். நேரத்தைக் குறைக்க வேகத்தைக் கூட்டுவது எல்லாரும் செய்யும் தவறு. குறைக்க வேண்டியது சொற்களை.

நேர்கோடு சொல்லும் 60 நொடி மோசமான எண் இல்லை, ஆனால் அது சட்டமும் இல்லை. கம்பெனி ஒரு எண் கொடுத்தால் அதற்குள் அடக்குங்கள். கொடுக்கவில்லையென்றால் 60 முதல் 90 நொடி. உங்கள் வேலைக்கு நான் 75 நொடி என்பேன். அதில் 10 நொடி மூச்சுக்கும் இடைவெளிக்கும் போய்விடும். மிச்சம் 65 நொடிக்கு ஏறக்குறைய 140 சொல். அதுதான் உங்கள் பட்ஜெட். 470இலிருந்து 140 என்றால் பயப்படாதீர்கள், உங்கள் ஸ்கிரிப்டில் பாதிக்குமேல் தானாகவே உதிர்ந்துவிடும்.

இதைப் பார்ப்பவர் யார், எப்போது பார்ப்பார் என்று யோசியுங்கள். உங்கள் பயோடேட்டா ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. படிப்பு, மதிப்பெண், வருடங்கள் எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் தெரியாத இரண்டு விஷயத்துக்காகத்தான் அவர் வீடியோவைத் திறக்கிறார். இந்த ஆளோடு ராத்திரி ஷிப்டில் போனில் பேசினால் நமக்குப் புரியுமா? ஒரு பழுதைப் பற்றிக் கேட்டால் கோர்வையாகச் சொல்வாரா? உங்கள் ஸ்கிரிப்டில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. அப்பா ஓய்வு பெற்றது இருக்கிறது, ஆறு வருடத்தில் நீங்கள் சரி செய்த ஒரு மெஷின்கூட இல்லை.

குடும்பம், பிறந்த ஊர், பொழுதுபோக்கு, பலம் பலவீனம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் தொடங்கிய பழக்கம் இது, எல்லார் வீடியோவிலும் இதே வரிசையில் வரும். "மைசெல்ஃப்" என்று பெயர் சொல்லத் தொடங்குவதும் அங்கிருந்து வந்ததுதான். "மை நேம் இஸ்" போதும். கல்லூரி முடித்ததை "பாஸ்ட் அவுட்" என்று சொல்லாதீர்கள், அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று பொருள். எண்ணிக்கையில் லட்சமும் வேண்டாம், நூறாயிரம் என்றே சொல்லுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. நீங்களே கண்டுபிடித்துச் சரி செய்த ஒரு பழுதை இங்கே எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம், டீ குடிக்கும்போது நண்பரிடம் சொல்வது மாதிரி.

நீலவானம்

இதே பிரச்சினைதான் எனக்கும்! நான் நர்ஸ். ஒரு மருத்துவமனை லிங்க் அனுப்பியது. திறந்ததும் திரையில் கேள்வி வந்தது, யோசிக்க 30 நொடி, பதில் சொல்ல 2 நிமிடம், மறுபடி எடுக்க முடியாது. நான் எழுதி வைத்திருந்த அறிமுகத்தைப் படித்தேன். கேள்வியோ, நோயாளியின் உறவினர் கோபப்பட்டால் என்ன செய்வாய் என்பது. பாதியில் உளறிவிட்டேன். அதனால் பல்சக்கரம், ஸ்கிரிப்டே எழுதாதீர்கள், அது ஆபத்து.

தேர்வுமேசை

நீலவானம், உங்களுக்கு நடந்தது வருத்தம்தான், ஆனால் அது வேறு சரக்கு. அது பதிவு செய்யும் இன்டர்வியூ. கேள்வி அவர்களுடையது, கடிகாரமும் அவர்களுடையது. அதற்கு ஸ்கிரிப்ட் உதவாது, நாலைந்து சம்பவங்களை மனதில் தயாராக வைத்திருந்தால் எந்தக் கேள்வி வந்தாலும் ஒன்றை எடுத்துவிடலாம். பல்சக்கரம் கேட்பது தானே எடுத்து, தானே பார்த்து, பிடித்தால் மட்டும் அனுப்பும் வீடியோ. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். எந்த வகை என்று முதலில் படிவத்தை நன்றாகப் படித்துவிடுங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பல்சக்கரம்

சரி அக்கா, நண்பரிடம் சொல்வது போலவே எழுதுகிறேன்.

லேபிளிங் மெஷின் ஒன்று ஷிப்டுக்கு ஆறேழு தடவை நிற்கும். பாட்டிலைப் பார்க்கும் சென்சார் சிக்னல் தராது. ஆபரேட்டர் துணியால் துடைத்து மறுபடி ஓட்டுவார். சென்சார் போய்விட்டது என்று சொல்லி இரண்டு தடவை புதிது மாற்றிவிட்டார்கள், அப்போதும் நிற்கிறது. நான் இரண்டு வாரம், நிற்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். பார்த்தால் பெரும்பாலும் லைனைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு வரும் முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் நிற்கிறது. சென்சாரில் குறையில்லை, அதன் கேபிள் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. கேபிள் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியதால் தண்ணீர் அதன் வழியாகவே வழிந்து உள்ளே போயிருக்கிறது. நீர் புகாத கனெக்டர் மாற்றி, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றும்படி கட்டினோம். கேபிளில் வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று இரண்டுதான் நின்றது. எலக்ட்ரீஷியன் ஒருவரும் கூட இருந்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம், இதைப் போய் வீடியோவில் சொல்வதா என்றுதான் விட்டுவிட்டேன்.

தேர்வுமேசை

இதுதான் உங்கள் வீடியோ. "இயந்திரப் பராமரிப்பில் நல்ல அறிவு உண்டு" என்ற வரியை யாரும் நம்பவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள், அப்படியே கடந்து போவார்கள். இரண்டு வாரம் நோட்டில் குறித்த ஆளை ஒரு பராமரிப்பு மேனேஜர் மறக்க மாட்டார். அவர் தொழிற்சாலையிலும் இதே மாதிரி சென்சாரை மாற்றிக்கொண்டே இருக்கும் யாரோ ஒருவர் நிச்சயம் இருப்பார்.

நான் எழுதிப் பார்த்த வடிவம் கீழே. பேசப்போவது ஆங்கிலத்தில் என்பதால் சொற்களை ஆங்கிலத்தில் எழுதியபின் எண்ணுங்கள், தமிழில் எண்ணினால் குறைவாகக் காட்டும்.

"வணக்கம், என் பெயர் இன்னது. பாட்டில் நிரப்பும் லைன்களில் ஆறு வருடமாகப் பராமரிப்பு டெக்னீஷியன். உங்கள் பேக்கேஜிங் பிரிவின் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

"நான் எப்படி வேலை செய்வேன் என்பதற்கு ஓர் உதாரணம். எங்கள் லேபிளிங் மெஷின் ஒன்று ஷிப்டுக்கு ஆறேழு முறை நின்றது. சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. நான் இரண்டு வாரம் ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரத்தையும் குறித்தேன். பெரும்பாலானவை லைனைக் கழுவியபின் வந்தன. கனெக்டருக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனுடன் சேர்ந்து நீர் புகாத கனெக்டர் மாற்றி, கேபிள் போகும் வழியையும் மாற்றினேன். அதன்பின் வாரத்துக்கு ஓரிரு முறைதான் நின்றது.

"உங்கள் விளம்பரத்தில் திட்டமிட்ட பராமரிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது நான்கு மெஷின்களின் வாராந்தரச் சோதனை என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு மாத நோட்டீஸுக்குப் பிறகு வேலையில் சேர முடியும். உங்களோடு பேச ஆவலாக இருக்கிறேன். நன்றி."

நான்கு மெஷின், இரண்டு மாதம் என்பதெல்லாம் நான் இட்டு நிரப்பியவை. உங்கள் நிஜ எண்ணைப் போடுங்கள். இன்டர்வியூவில் இந்த வீடியோவிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள், ஒரு எண்ணைப் பூசி மெழுகியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கவனித்தீர்களா, நடுப்பகுதிதான் பாதிக்குமேல். முதல் பத்து நொடியில் பெயர், தொழில், எந்த வேலைக்கு என்பது முடிந்துவிட வேண்டும். கடைசிப் பகுதியில் "உங்கள் விளம்பரத்தில்" என்று வரும் வாக்கியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை மாற்றாமல் ஒரே வீடியோவை எல்லாருக்கும் அனுப்புவதும் நடக்கிறது. அப்படிச் செய்வதானால் அந்த வாக்கியத்தையும் "உங்கள் பேக்கேஜிங் பிரிவின்" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்ன வீடியோ இன்னொரு கம்பெனிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தொனி பற்றி. "ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தால்" என்பது நம் காதுக்குப் பணிவு. அங்கே கேட்பவருக்கு, இந்த ஆளுக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இல்லையோ என்று தோன்றும். "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்பதும் அப்படித்தான், சாதாரண "ஹலோ" போதும். அதற்காக எதிர்ப்பக்கம் ஓடி "நான்தான் சிறந்தவன்" என்றும் ஆரம்பிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அடுத்த ஷிப்டுக்காரரிடம் விஷயத்தை ஒப்படைப்பீர்களே, அந்தக் குரல்தான் வேண்டும்.

நேர்கோடு

நல்லாத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் "எலக்ட்ரீஷியனுடன் சேர்ந்து" எதற்கு? வெளிநாட்டில் "நான்" என்றுதான் பேச வேண்டும், "நாங்கள்" என்றால் இவர் ஒன்றும் செய்யவில்லை என்று நினைப்பார்கள்.

தேர்வுமேசை

பாதி சரி. நம் ஆட்கள் பணிவுக்காக எல்லாவற்றையும் "நாங்கள்" என்று சொல்லித் தங்கள் பங்கைத் தொலைத்துவிடுகிறார்கள், அதை மாற்றத்தான் வேண்டும். நேரத்தைக் குறித்ததும் காரணத்தைக் கண்டுபிடித்ததும் பல்சக்கரம். அங்கே "நான்". கனெக்டர் மாற்றியபோது இரண்டு பேர் இருந்தார்கள். பராமரிப்பு வேலையில் எலக்ட்ரீஷியன் இல்லாமல் கேபிளைத் தொட்டேன் என்று சொன்னால் அது பெருமையாகாது, சில இடங்களில் பாதுகாப்பு விதியை மீறியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொல் அவருக்கு லாபம்தான்.

உச்சரிப்பை மாற்றச் சொன்னீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 75 நொடி போலியாகப் பேசிவிடலாம், அடுத்து வரும் அரை மணி நேர இன்டர்வியூவில் பத்தாவது நிமிடம் பழைய உச்சரிப்பு திரும்பிவிடும். மாற்ற வேண்டியது வேகமும் சொல்லின் முடிவும். "டெஸ்ட்", "ஷிப்ட்", "ஃபிக்ஸ்ட்" போன்றவற்றில் கடைசி மெய்யை விழுங்காமல் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் தொழில் தெரியாத, நம் ஆங்கிலத்துக்கு அதிகம் பழகாத ஒருவரிடம் படத்தை மறைத்து ஒலியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். என்ன பழுது, எப்படிச் சரியானது என்று அவர் திருப்பிச் சொன்னால் வீடியோ தேறிவிட்டது.

சந்தேகப்பேர்வழி

எல்லாரும் எப்படி எடுப்பது என்றே பேசுகிறீர்கள். எடுக்கத்தான் வேண்டுமா? அமெரிக்காவில் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம், விண்ணப்பதாரரிடம் புகைப்படம் கேட்க வேண்டாம் என்றே முதலாளிகளுக்குச் சொல்கிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது, அங்கேயும் பயோடேட்டாவில் படம் ஒட்டும் வழக்கம் இல்லை. படமே வேண்டாம் என்கிற இடத்துக்கு முகமும் நிறமும் வயதும் தெரிகிற வீடியோவை நாமே வலிய அனுப்புவது சரியா? கட்டம் விருப்பத்துக்குரியது என்றால் காலியாக விடுவேன்.

இன்னொன்று. என் உறவினர் ஒருவரிடம் வேலை தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்ட், பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பெயர், பிறந்த தேதி சொல்லி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அது அறிமுகம் இல்லை. அந்த மாதிரி வீடியோவை வைத்து அவர் பெயரில் கணக்குத் திறக்கலாம்.

தேர்வுமேசை

பாஸ்போர்ட் விஷயத்தை எல்லாரும் கவனியுங்கள். அறிமுக வீடியோவில் பாஸ்போர்ட், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதுவும் வரக் கூடாது. வயது, மதம், கல்யாணம் ஆனதா என்பதும் தேவையில்லை. பின்னால் சுவரில் சாமி படமோ சான்றிதழோ தொங்குகிறதா என்று பாருங்கள், சொல்லாமலே சொல்லிவிடும்.

கட்டத்தைக் காலியாக விடுவதா என்பதில் என்னிடம் ஒரே பதில் இல்லை. கம்பெனியே கட்டம் வைத்திருந்தால் நிரப்புவதில் எனக்குத் தயக்கமில்லை. கேட்காத இடத்துக்கு, அதுவும் அமெரிக்கா பிரிட்டனுக்கு, மின்னஞ்சலில் வலிய இணைத்தால் சில மனிதவளத் துறைகள் திறக்கவே மாட்டார்கள். சந்தேகப்பேர்வழி சொல்கிற பயமும் பொய்யில்லை. ஆனால் எழுத்தில் சுமாராகவும் பேச்சில் தெளிவாகவும் இருக்கும் டெக்னீஷியனுக்கு இது வாசலைத் திறந்துவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

சந்தேகப்பேர்வழி

திறந்ததைத்தான் பார்த்தீர்கள் அக்கா. முகத்தைப் பார்த்து மூடியதை யாரும் உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேர்வுமேசை

உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேர்கோடு

விசா ஸ்பான்சர்ஷிப் தேவை என்பதை ஸ்கிரிப்டில் காணோமே? நான் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பிறகு தெரிந்து நிராகரிப்பதற்கு இப்போதே தெரியட்டும்.

கண்ணாடிப்பெட்டி

எடிட்டராகச் சொன்னால் அது வீடியோவுக்கான செய்தியே இல்லை. படிவத்தில் அதற்கென்று தனிக் கேள்வி இருக்கும், அங்கே உண்மையைச் சொன்னால் முடிந்தது. 75 நொடியில் எட்டு நொடியை அதற்குக் கொடுப்பானேன்?

தேர்வுமேசை

படிவத்தில் கேள்வி இருந்தால் கண்ணாடிப்பெட்டி சொல்வது சரி. இல்லையென்றால் கடைசியில் நோட்டீஸ் காலம் சொல்லும் இடத்தில் ஒரே வாக்கியமாகச் சேர்க்கலாம். முதலில் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மறைக்கவும் கூடாது. என்னோடு வேலை செய்தவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு.

பல்சக்கரம்

ஆங்கிலத்தில் எழுதினேன், 158 சொல் வந்தது. "எக்ஸ்ட்ரீம்லி" போன்றவற்றை எடுத்து 144 ஆக்கினேன். ஆனால் பேசும்போது வேறு பிரச்சினை. ஸ்கிரிப்டை லேப்டாப் திரையில் வைத்துப் படித்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்பட்டமாகத் தெரிகிறது. மனப்பாடமாகச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போகிறது.

கண்ணாடிப்பெட்டி

முழு வாக்கியத்தையும் எதிரே வைக்காதீர்கள். ஒரு துண்டுத்தாளில் ஐந்தே சொல்: "ஆறு வருடம், லேபிளிங், நோட்டு, கனெக்டர், நோட்டீஸ்". பெரிய எழுத்தில் எழுதி லென்ஸுக்கு ஒட்டிக் கீழே ஒட்டுங்கள். பக்கவாட்டில் ஒட்டினால் கண் விலகும். பிறகு கனெக்டர் கதையை உங்கள் வாயில் வருகிறபடி சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் சொல் கொஞ்சம் மாறும், மாறட்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும்தான் தடுமாறுவோம்.

அறிமுகம், கதை, முடிவு என்று மூன்றாக வெட்டி எடுத்து ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒட்டலாம், ஆனால் அந்த இடத்தில் தலை குதிக்கும். 75 நொடிதானே, ஒரே டேக்கில் எடுக்கப் பாருங்கள். கதையின் நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, சமாளித்துத் தொடர்ந்தால் அந்த டேக்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஆங்கில சப்டைட்டிலும் போடுங்கள். தானாக வரும் சப்டைட்டிலை அப்படியே விடாதீர்கள், தொழில்நுட்பச் சொற்களையும் உங்கள் பெயரையும் கன்னாபின்னாவென்று எழுதும்.

நீலவானம்

ஒரு சின்ன எச்சரிக்கை, இதிலாவது நான் சரியாகச் சொல்கிறேன். என் தோழி வீடியோவை டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினாள். பகிர்வு `Restricted` என்று இருந்தது. அவர்கள் திறந்தால் அனுமதி கேள் என்று வந்திருக்கும். யாரும் அனுமதி கேட்டு எழுதவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

தேர்வுமேசை

இது ரொம்பச் சரி. டிரைவில் `Anyone with the link`, யூடியூபில் `Unlisted`. யூடியூபில் `Private` போட்டால் நீங்கள் அழைத்த கணக்கு மட்டும்தான் பார்க்க முடியும், `Public` போட்டால் இப்போதைய முதலாளியே பார்த்துவிடலாம். அனுப்பும் முன் இன்காக்னிட்டோ சன்னலில் லிங்கைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் கோப்பாக இணைக்க வேண்டாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது, போன் வீடியோ சுலபமாக அதைத் தாண்டும்.

பல்சக்கரம்

நேற்று இரவு பதினோரு டேக். ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தேன். 78 நொடி. "கனெக்டர்" என்ற இடத்தில் ஒரு முறை தடுக்கினேன், விட்டுவிட்டேன். ஒலியை மட்டும் என் சித்தி மகளிடம் போட்டுக் காட்டினேன், அவள் கணக்கு வேலை பார்ப்பவள். "மெஷின் கழுவினதும் நிற்குது, வயர்ல தண்ணி போயிருக்கு" என்று திருப்பிச் சொன்னாள். ஆனால் "லேபிளிங்" என்பதை "லேப்" என்று கேட்டு, நான் ஏதோ ஆய்வகத்தில் வேலை செய்வதாக நினைத்துவிட்டாள்.

அந்தச் சொல் முதல் முறை வரும் இடத்தில் "பாட்டிலில் லேபிள் ஒட்டும் மெஷின்" என்று விரித்துச் சொல்லி மறுபடி எடுக்கலாமா? இரண்டு நொடி கூடும்.

தேர்வுமேசை

எடுங்கள். 80 நொடியெல்லாம் ஒன்றுமில்லை.

பல்சக்கரம்

சரி அக்கா. இரண்டு கம்பெனியில் ஒன்றின் படிவத்தில் ஸ்பான்சர்ஷிப் கேள்வி இருக்கிறது, மற்றதில் இல்லை. ஆகவே இரண்டு வீடியோ. இன்று இரவு மறுபடி கம்பளி கட்டுகிறேன்.

நேர்கோடு

கோட் போட்டீர்களா?

பல்சக்கரம்

இல்லை. துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. கோட் போட்டுக்கொண்டு கனெக்டரைப் பற்றிப் பேச எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.